முப்பத்து நான்கு செங்கல்

"சிறுகதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏழு வயதுப் பெண் தன் கனவு வீட்டை வரைகிறாள். அவர்கள் வீட்டைக் கட்டும் ஆர்க்கிடெக்ட் அந்தப் படத்திலிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் நிஜமாகக் கட்டித் தருகிறார். எதைக் கட்டினால் நம்பும்படி இருக்கும்? சைட்டில் என்னதான் நடக்கும்? ரொம்பவும் நெகிழ்ச்சியாகப் போய்விடுமோ என்றும் பயம்."

'எது' என்பதைவிட 'ஏன் அது மட்டும்' என்பதில்தான் உங்கள் கதை நிற்கும் என்று நினைக்கிறேன். ஆர்க்கிடெக்டின் நல்ல மனசை மட்டும் காரணமாக வைத்தால் நீங்கள் பயப்படுகிற நெகிழ்ச்சிதான் வரும். காரணம் செங்கல், சுவர், நாள்கணக்கு இவற்றில் இருந்தால் வாசகர் கேள்வி கேட்க மாட்டார். இருபது வருடத்துக்கு மேல் திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் வீடுகள் கட்டுகிறவன் நான். கட்டட விஷயத்தை உறுதியாகச் சொல்லலாம். கதை விஷயத்தில் நானும் வாசகன்தான். முதலில் ஒரு சின்னத் திருத்தம்: சைட்டில் யாரும் எங்களை ஆர்க்கிடெக்ட் என்று கூப்பிட மாட்டார்கள். எல்லோருக்கும் 'இன்ஜினியர் சார்'தான். உங்கள் பெண்ணுக்கு 'இன்ஜினியர் அங்கிள்'.

முதலில் படம். நம் ஊர்ப் பிள்ளைகள் மொட்டைமாடி வீட்டில் இருந்துகொண்டே முக்கோணக் கூரையும் புகைபோக்கியும் வரைவார்கள். புகைபோக்கியை வாழ்நாளில் பார்த்திராத பிள்ளையும் வரையும், அதையும் சரிந்த கூரைக்குச் செங்குத்தாக, சாய்ந்து விழுகிற மாதிரி. குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே இதைத்தான் கவனித்து எழுதினார்: சின்னப் பிள்ளைகள் தரையைப் பார்த்துச் செங்குத்தாக்குவதில்லை, பக்கத்தில் இருக்கும் கோட்டைப் பார்த்துத்தான் செங்குத்தாக்குகிறார்கள், ஏழெட்டு வயதில்தான் அது நிமிரத் தொடங்குகிறது. உங்கள் பெண் சரியாக அந்த வயதில் இருக்கிறாள். இன்னொன்று, சுவர் இருந்தாலும் உள்ளே இருப்பது வெளியே தெரியும்படி வரைவார்கள். கண்ணுக்குத் தெரிவதை அல்ல, தனக்குத் தெரிந்ததைக் குழந்தை வரைகிறது என்று 1920களிலேயே பிரெஞ்சுக்காரரான லூக்கே சொல்லிவிட்டார். இது உங்களுக்குப் பயன்படும். படத்தில் ஒரு வட்ட ஜன்னல். அதற்குப் பின்னால் சுவர் வழியாகத் தெரிகிற மாதிரி, தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். வெளியே அவளைப் பார்த்தபடி ஒரு நாய். ஆர்க்கிடெக்ட் இதைப் பார்க்கும்போது வட்டம் அவர் கண்ணில் இரண்டாவதாகத்தான் படும். உட்கார்ந்திருப்பதுதான் முதலில் படும்.

ஒரு எச்சரிக்கை. அந்தப் படத்தை வைத்து அவர் குழந்தையின் மனதைப் படிக்க ஆரம்பித்தால் நான் கதையை மூடிவிடுவேன். ஏன் வட்டம் என்று கேட்டால் அந்த வயதுப் பிள்ளை "சும்மா" என்று சொல்லும், அல்லது தோள்பட்டையைக் குலுக்கும். படத்துக்கு அர்த்தம் சொல்வது சந்தேகமான வேலை. தரையில் உட்கார்ந்தால் எந்த உயரத்தில் கண் இருக்கும் என்று டேப் போட்டு அளப்பது சந்தேகமில்லாத வேலை. அவர் இரண்டாவதைச் செய்யட்டும்.

மற்றதெல்லாம் ஏன் முடியாது என்பதை நீட்ட வேண்டாம். மாடியிலிருந்து தோட்டத்துக்குச் சறுக்கு மரம் வரைந்திருப்பாள் என்று வையுங்கள். பத்தடி உயரத்திலிருந்து பிள்ளை பத்திரமாக இறங்கும் சரிவுக்குத் தரையில் பதினாலு முதல் பதினேழு அடி நீளம் வேண்டும்; வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே நம்மிடம் இருப்பது மூன்று நான்கு அடி. கூரையைத் துளைத்து வெளியே வரும் மாமரம் காற்றில் ஆடும். ஆடுகிற மரத்தைச் சுற்றித் தண்ணீர் புகாமல் அடைக்க முடியாது. வட்ட ஜன்னல் மட்டும்தான் சுவர் கட்டும் செங்கலிலேயே, அதே கொத்தனாரை வைத்து, கூடுதலாக ஒரு நாள் செலவழித்துக் கட்டக்கூடியது.

உங்கள் கதைக்கு ஒரு கடிகாரம் வேண்டுமென்றால் அதுவும் செங்கலிலேயே இருக்கிறது. ஈரக் கலவை மேலே வரும் பாரத்தில் நசுங்காமல் இருக்க, ஒரே நாளில் சுவரை ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது. அப்படியென்றால் குழந்தை படத்தைக் கொடுக்கிற மாலையில் சுவர் முழங்கால் உயரத்துக்குக்கூட வராமல் இருந்தால், மறுநாள் காலை கொத்தனார் வருவதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். மறுநாள் சாயங்காலம் அந்த இடம் மூடிப் போயிருக்கும். பிறகு உடைத்துத்தான் ஜன்னல் வைக்க வேண்டும், உடைத்து வைக்க எந்த வீட்டுக்காரரும் சம்மதிக்க மாட்டார். ஏன் இந்த ஒன்று மட்டும் என்பதற்கு அதுவே போதும். மற்ற எல்லாவற்றுக்கும் நேரம் கடந்துவிட்டது.

இப்போது அளவு. நம் வீடுகளில் ஜன்னலின் அடி சாதாரணமாகத் தரையிலிருந்து மூன்றடி, அதாவது 90 சென்டிமீட்டர். ஜன்னலுக்கு மேல் சுவரின் பாரத்தைத் தாங்கும் லிண்டல் ஏழடியில். ஏழு வயதுப் பிள்ளை ஏறத்தாழ 120 செ.மீ. இருப்பாள், நின்றால் கண் 110 செ.மீ. பக்கம் வரும். உட்கார்ந்தால் 55தான், சுவரைத் தவிர எதுவும் தெரியாது. 90 செ.மீ. குறுக்களவுள்ள வட்டத்தைத் தரையிலிருந்து 20 செ.மீ. மேலே ஆரம்பித்தால் அது 110 வரை போகும், மையம் 65இல். உட்கார்ந்தால் கண் கிட்டத்தட்ட நடுவில். நின்றால் வட்டத்தின் உச்சியில், அடுத்த வருடம் குனிந்துதான் பார்க்க வேண்டும். ஆனால் தரையில் சம்மணம் போட்ட பெரியவருக்கும் கண் 75, 80இல்தான் இருக்கும். நின்று பார்ப்பதற்கு அவள் வளர்ந்துவிடுவாள், உட்கார்ந்து பார்ப்பதற்கு எத்தனை வயதானாலும் சரியாக இருக்கும். இதைக் கதையில் யாரும் வாயால் சொல்ல வேண்டாம். அளவு மட்டும் இருந்தால் போதும்.

படத்தில் ஜன்னல் மாடியில் இருந்தால், ஆர்க்கிடெக்ட் அதைக் கீழே கொண்டுவர வேண்டும். மாடியில் இவ்வளவு தாழ்வாகக் கண்ணாடி வைத்து, அதன் பக்கத்தில் ஒரு பிள்ளையை உட்கார வைக்க நான் துணிய மாட்டேன். இந்த மாற்றத்துக்குக் குழந்தை சம்மதிப்பாளா என்பது உங்கள் பாடு.

கட்டும் முறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், கதையில் நல்ல காட்சி இங்கேதான் இருக்கிறது. வட்டத்தைச் சுற்றி ஒரு செங்கல் வளையம் வரும். செங்கலைப் பக்கவாட்டில் நிறுத்தி, அதன் 23 செ.மீ. நீளம் சுவரின் கனத்துக்குள் போகும்படி, 11 செ.மீ. வட்டத்துக்கு வெளிப்பக்கமாக நீளும்படி, 7.5 செ.மீ. கனம் வட்டத்தைச் சுற்றி வரும்படி வைக்க வேண்டும். உள்வட்டத்தின் சுற்றளவு ஏறக்குறைய 283 செ.மீ. ஒரு செங்கலுக்கும் அதன் கலவைக்கும் சேர்த்து எட்டரை என்று போட்டால் 33 செங்கல் வரும். மேஸ்திரி விரல் விட்டு எண்ணியே இந்தக் கணக்கைச் சொல்லிவிடுவார்.

ஆனால் 33 ஒற்றைப்படை. வட்டத்தின் உச்சியில் நடுவாக ஒரு கல் வந்தால், நேர் கீழே கல் வராது, இரண்டு கல்லுக்கு நடுவேயுள்ள கலவை வரும். மழைத் தண்ணீர் வழிந்து தங்குகிற இடமும் அதுவேதான். அதனால் 34. அப்போது மேலேயும் ஒரு கல், கீழேயும் ஒரு கல். உள்பக்கம் கலவை 8 மில்லிமீட்டர் கனத்துக்கு வரும்; வெளிப்பக்கம் வளையம் விரிவதால் கிட்டத்தட்ட 3 செ.மீ. ஆகிவிடும், அதில் செங்கல் சில்லு செருகிக் கலவை அடைக்க வேண்டும். இது காகிதக் கணக்கு. சூளையிலிருந்து வருகிற கல் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மில்லி கூடக் குறைய இருக்கும். முப்பத்து நாலு கல்லில் அது சேர்ந்து ஒரு முழுச் செங்கல் அளவுக்குப் போய்விடும். ஆகவே அனுபவசாலிக் கொத்தனார் முதலில் தரையில் ஆணி அடித்து, நூல் கட்டி, சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு, கலவை இல்லாமல் கல்லை மட்டும் சுற்றி அடுக்கிப் பார்ப்பார். உங்கள் பெண்ணை அந்தக் காலையில் சைட்டுக்குக் கூட்டி வாருங்கள். செங்கல்லை எண்ணுகிற வேலையை அவளுக்குக் கொடுக்கலாம். 33 என்று அவள் எண்ணி முடித்ததும் மேஸ்திரி "இன்னொன்னு எடு பாப்பா" என்று சொன்னால், அது பாசத்தால் வந்த வார்த்தை அல்ல, தண்ணீருக்காக வந்தது. எனக்குப் பிடித்த இடம் அது.

அப்புறம் சுவரில். ஜன்னல் வருகிற இடத்தின் இரண்டு பக்கமும் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து நிறுத்தி, மையத்தில் ஆணி அடித்து, 45 செ.மீ. நூலைக் கட்டுவார்கள். கீழ்ப்பாதி சுலபம்: கல் தன் பாரத்திலேயே உட்காரும், நூல் தொடும் இடத்தில் வைத்துக்கொண்டே போனால் தொட்டில் மாதிரி ஒரு அரைவட்டம் வரும். பக்கச் சுவரும் கூடவே ஏற வேண்டும். பாதிக்கு வந்ததும் மையக் கட்டையை எடுத்துவிட்டு, அரைவட்டமாக அறுத்த இரண்டு பிளைவுட் துண்டுகளை இணைத்து, கலவை இறுகும்வரை கல்லைத் தாங்க ஒரு சென்ட்ரிங் செய்து உள்ளே நிறுத்துவார்கள். அதை நேரடியாக நிறுத்தக் கூடாது. அடியில் மர ஆப்பு வைத்துத்தான் நிறுத்த வேண்டும், ஏன் என்று பின்னால் வருகிறேன். மேல்பாதிக் கல்லை இரண்டு பக்கமிருந்தும் சமமாக ஏற்றிவர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஏறினால் சென்ட்ரிங் மறுபக்கம் சாயும், வட்டம் முட்டை ஆகிவிடும். கடைசிக் கல் உச்சியில் இறங்கும். வளையத்துக்குக் கலவை, ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல். மற்றச் சுவருக்கு ஆறு. கல்லை முன்னாடியே தண்ணீரில் ஊறப் போட்டிருக்க வேண்டும், காய்ந்த கல் கலவையிலுள்ள நீரை உறிஞ்சிவிடும்.

வளையத்தின் உச்சி நாலடி உயரத்தில் முடிகிறது. மற்ற ஜன்னல்களின் லிண்டல் அதற்கு மூன்றடி மேலே தன் பாட்டுக்கு ஓடும். வளைவு தன் பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளும் என்பதால், சுவர் முடியும் மூலையிலிருந்து இரண்டடியாவது தள்ளி வைப்பது என் வழக்கம். பில்லர் வீடு என்றால் கவலை இன்னும் குறைவு. "இதெல்லாம் நிக்குமா சார்" என்று வீட்டுக்காரர் கேட்பார். நிற்கும். திருவனந்தபுரத்தில் ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் கம்பியும் சிமெண்டும் மிச்சப்படுத்தத்தான் செங்கல் வளைவுகளைக் கட்டினார். அகமதாபாத் ஐஐஎம்மில் அமெரிக்க ஆர்க்கிடெக்ட் லூயி கான் வைத்த முழு வட்டங்கள் ஆள் உயரத்தைவிடப் பெரியவை.

எது தப்பாகப் போகும் என்று சொல்லாவிட்டால் கதை விளம்பரப் படம் மாதிரி ஆகிவிடும். முதல் தப்பு உயரத்தில். செங்கல் வேலை நடக்கும்போது தரை முடிந்திருக்காது. தரைக் கான்கிரீட், கலவை, டைல்ஸ் எல்லாம் சேர்ந்து பின்னால் ஒரு பத்து சென்டிமீட்டர் ஏறும். கொத்தனார் இன்றைய தரையிலிருந்து 20 அளந்தால், டைல்ஸ் போட்ட பிறகு ஜன்னலின் அடி வெறும் 10இல் நிற்கும். அப்போது குழந்தைக்குத் தெருவைவிட வானம்தான் குறைந்து தெரியும். சுவரில் முடிந்த தரைக்கான லெவல் கோடு போட்டிருக்கிறதா என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

இரண்டாவது தப்பு சோம்பல். நூல், ஆப்பு, சென்ட்ரிங் எல்லாம் வேண்டாம் என்று சதுரமாக ஓட்டை விட்டு, மேலே சின்ன லிண்டல் போட்டு, நாலு மூலையையும் செங்கல் துண்டால் அடைத்து, பூச்சில் வட்டமாக்கிவிடுவார்கள். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஓரிரு வெயில் காலம் கடந்ததும் பூச்சில் அந்தச் சதுரத்தின் மூலைகள் மெல்லிய கீறலாக எழுந்து வரும், விரலால் தட்டினால் உள்ளே பொத்தென்று கேட்கும். ஆர்க்கிடெக்ட் ஒரு நாள் சைட்டுக்கு வராவிட்டால் நடப்பது இதுதான். கதையில் அவர் முதல் முறை இப்படிக் கட்டியதைப் பார்த்து இடிக்கச் சொல்லலாம். வீட்டுக்காரர் முகம் எப்படி மாறும் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது தப்பு என்னுடையது. நான் கட்டிய முதல் வட்ட ஜன்னலில், அடிப்பாகத்தை உள்ளும் புறமும் ஒரே மட்டமாக விட்டுவிட்டேன். வட்டத்துக்கு மேலே சன்ஷேடு போட எனக்கு மனசு வரவில்லை, படத்தில் இல்லையே என்று. ஐப்பசி மழை சாய்வாக அடித்தது. தண்ணீர் அந்தத் தொட்டிலில் தேங்கி, உள்பக்கச் சுவரில் ஒரு நாக்கு மாதிரி கறை இறங்கியது. பெயின்ட் அடித்தால் மூன்று மாதம் மறையும், மறுபடி வரும். கண்ணாடிக்கு வெளியே இருக்கும் பாகத்தைத் தெருப்பக்கமாகச் சரித்து, விளிம்பின் அடியில் தண்ணீர் சொட்டிப் போக ஒரு விரல் அகலப் பள்ளம் விட்டிருந்தால் போதும். வடகிழக்கைப் பார்த்த சுவரைத் தவிர்த்திருந்தால் இன்னும் நல்லது. உங்கள் ஆர்க்கிடெக்டுக்கு ஒரு பழைய கறை இருக்கட்டும். 34 ஏன் என்பதற்கு அவர் வாயைத் திறக்காமலே காரணம் கிடைக்கும்.

கண்ணாடி விஷயத்தில் பலரும் கதையில் சறுக்குவார்கள், வட்ட ஜன்னலைக் கதவு மாதிரி திறந்துவிடுவார்கள். வட்டத்தில் கீல் மாட்ட நேரான ஓரம் கிடையாது. நடுவில் அச்சு வைத்துச் சுழல விடலாம். அப்போது பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் திரும்பும், வெளியே கிரில் இருந்தால் இடிக்கும். கிரில் இல்லாமல் நம் ஊரில் கீழ்த்தள ஜன்னலுக்குப் பாட்டி ஒத்துக்கொள்ள மாட்டார். திருடன் ஒரு பக்கம், இவ்வளவு தாழ்வாக இருந்தால் பூச்சி பொட்டு உள்ளே வரும் என்பது இன்னொரு பக்கம். இரண்டுமே நியாயம்தான். ஆகவே திறக்காத கண்ணாடி, உடைந்தால் குத்தாத வகை, வெளியே பத்து சென்டிமீட்டருக்கு மிகாத இடைவெளியில் கம்பிகள். காற்றுக்கு வேறு ஜன்னல். கிரில் செய்யும் வெல்டிங் பட்டறைக்காரர் கட்டி முடித்த பிறகு வந்து நாலு திசையில் குறுக்களவு எடுப்பார். ஒன்று 90, ஒன்று 89 என்று வரும். கையால் கட்டிய எந்த வட்டமும் முழு வட்டம் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

சென்ட்ரிங் எடுக்கிற நாள்தான் உங்கள் உச்சக் காட்சி. ஒரு வாரம் தண்ணீர் காட்டிய பிறகு, பலகையைச் சுத்தியலால் தட்டி எடுக்கக் கூடாது, கல் அசையும். அடியில் இருக்கும் ஆப்பை முதலில் மெல்லத் தளர்த்த வேண்டும். சென்ட்ரிங் ஒரு விரல் அளவு கீழே இறங்கும், பலகைக்கும் வளைவுக்கும் நடுவே வெளிச்சம் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கணத்தில் வளைவு தன் காலில் நிற்கத் தொடங்கிவிட்டது. பெரிய சத்தம் எதுவும் வராது. மேஸ்திரி பீடியை மறுபடி பற்ற வைப்பார், அவ்வளவுதான்.

அங்கே குழந்தை என்ன செய்வாள்? இது என் ஊகம் மட்டும். அவள் துள்ளிக் குதிப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. படத்தில் அது சிவப்பு, மாடியில் இருந்தது, நாயும் இருந்தது. இங்கே சாம்பல் கலவை, மணல் மேடு, சிமெண்டு சாக்கு. "சறுக்கு மரம் எங்கே?" என்றுதான் முதலில் கேட்பாள். அவர் பதில் தேடுவதற்குள், சித்தாள் அந்த அரைவட்டப் பிளைவுட்டை அடுப்பு எரிக்க எடுத்துப் போவார். சைட்டில் மிச்சப்படும் பலகையெல்லாம் டீ போடத்தான் போகும். உங்கள் பெண் அதைக் கேட்டு வாங்கி, பாதி நிலா மாதிரி இருப்பதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் நான் நம்புவேன்.